சித்தப்பாவுக்கு நன்மதிப்பில் ஏன் ஒன்றும் வரவில்லை?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலையில் உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் வலை, தூண்டில், படகு எஞ்சின் உதிரிப்பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். அப்பாவின் மூலதனம் 15 இலட்சம், சித்தப்பாவின் மூலதனம் 10 இலட்சம். இலாபம் 3:2. ஏப்ரல் 1 முதல் மாமாவும் 8 இலட்சம் காசுடன் சேர்கிறார். இனி அப்பா, சித்தப்பா, மாமா 2:2:1. கடையின் பெயருக்கும் பழகிய வாடிக்கையாளருக்கும் உரிய பெறுமதியான நன்மதிப்பு 10 இலட்சம் என்று மூவரும் பேசி முடித்துவிட்டார்கள். மாமாவின் பங்கு 2 இலட்சம்தானே, அதை 3:2 இல் பிரித்து அப்பாவுக்கு 120,000, சித்தப்பாவுக்கு 80,000 என்று எழுதினேன். வகுப்பில் சேர் பிழை என்றார். சித்தப்பாவுக்கு ஒரு சதமும் வராது என்கிறார். வீட்டில் இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. யார் சரி? காசே வராத நன்மதிப்பை எழுதிவிட்டு உடனே ஏன் அழிக்கிறோம்?

பதில்: தங்கச்சி, உங்கள் சேர் சொன்னதுதான் சரி. ஆனால் நீங்கள் எழுதிய 120,000, 80,000 என்ற விடையும் வேறொரு கணக்குக்குச் சரியான விடை. அது எந்தக் கணக்கு என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் தீரும். சித்தப்பாவிடம் விளக்கிச் சொல்லவும் உங்களுக்கு வழி கிடைக்கும்.

முதலில் விகிதங்களைப் பின்னமாக எழுதிப் பாருங்கள். நேற்றுவரை அப்பாவுக்கு 3/5, சித்தப்பாவுக்கு 2/5. ஏப்ரல் 1 முதல் அப்பாவுக்கு 2/5, சித்தப்பாவுக்கு 2/5, மாமாவுக்கு 1/5. அப்பாவின் பங்கு 1/5 குறைந்திருக்கிறது. சித்தப்பாவின் பங்கு அசையவே இல்லை. மாமாவின் கைக்கு வந்த 1/5 முழுவதும் அப்பாவிடமிருந்து போனது. ஒரு காணியில் அண்ணனும் தம்பியும் தங்கள் தங்கள் துண்டை வைத்திருக்க, அண்ணன் தன் துண்டிலிருந்து ஒரு பகுதியை வெளியாளுக்கு விற்றால், அந்தக் காசில் தம்பி பங்கு கேட்க முடியுமா? சித்தப்பா எதையும் விற்கவில்லை. அதனால் அவருக்கு விலையும் இல்லை.

நன்மதிப்புச் சீராக்கத்தின் உயிர் இதுதான். புதிய பங்காளர் தரும் நன்மதிப்பு, பங்கை விட்டுக்கொடுத்தவருக்கு, விட்டுக்கொடுத்த அளவுக்குச் சேரும். இந்த அளவைத்தான் தியாக விகிதம் என்கிறோம். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தால் அது கிடைக்கும். பழைய இலாப விகிதம் வேறு, தியாக விகிதம் வேறு. இரண்டும் சில கணக்குகளில் ஒன்றாகவே வந்துவிடும், அங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

எப்போது ஒன்றாக வரும்? வினாவில் “மாமாவுக்கு 1/5 பங்கு வழங்கப்பட்டது” என்று மட்டும் சொல்லி, மற்ற இருவரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், மீதி 4/5 ஐ அவர்கள் பழையபடி 3:2 ஆகவே பிரித்துக்கொள்கிறார்கள் என்று எடுக்கவேண்டும். 4/5 இல் 3/5 என்றால் 12/25. 4/5 இல் 2/5 என்றால் 8/25. மாமாவின் 1/5 என்பது 5/25. ஆகவே புதிய விகிதம் 12:8:5. அப்பா 15/25 இலிருந்து 12/25 க்கு இறங்கினார், சித்தப்பா 10/25 இலிருந்து 8/25 க்கு இறங்கினார். தியாகம் 3:2. அந்தக் கணக்கில் 120,000, 80,000 என்பது முழுப் புள்ளிக்குரிய விடை. பாடப் பயிற்சிகளில் இந்த வகை அடிக்கடி வருவதால், “பழைய விகிதத்தில் பிரி” என்று கை தானாகவே எழுதப் பழகிவிடுகிறது. உங்கள் வீட்டுக் கணக்கில் மூவரின் புதிய விகிதமும் தெளிவாகத் தரப்பட்டிருக்கிறது. தரப்பட்டால், கழித்துப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது.

சூத்திரம் சொல்கிறது என்பதற்காக இதை நீங்கள் நம்பவேண்டாம். நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு சோதனை இருக்கிறது. மாமா சேர்ந்த மறுநாளே கடையை அப்படியே ஒருவருக்கு விற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்மதிப்பு 10 இலட்சம் என்று மூவரும் ஒப்புக்கொண்டதன் பொருள், வாங்குபவர் புத்தகப் பெறுமதிக்கு மேல் 10 இலட்சம் தருவார் என்பதுதான். ஒரு நாளில் மாமா எந்த வியாபாரத்தையும் வளர்க்கவில்லை. ஆகவே விற்று முடித்தபின் மாமா தான் கொண்டுவந்த 8 இலட்சத்துடன் திரும்பவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மாமா வராமலே கடையை விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுவே கிடைக்கவேண்டும். அப்பாவுக்கு 15 இலட்சத்துடன் 6 இலட்சம், மொத்தம் 2,100,000. சித்தப்பாவுக்கு 10 இலட்சத்துடன் 4 இலட்சம், மொத்தம் 1,400,000. இந்த மூன்று தொகைகளும் வந்தால் சீராக்கம் சரி.

முதலில் எந்தச் சீராக்கமும் செய்யாமல் பாருங்கள். விற்பனையில் வந்த 10 இலட்சம் இலாபம் புதிய விகிதத்தில் 400,000, 400,000, 200,000 என்று பிரியும். அப்பாவுக்கு 1,900,000, சித்தப்பாவுக்கு 1,400,000, மாமாவுக்கு 1,000,000. ஒரே நாளில் மாமா 2 இலட்சம் உழைத்துவிட்டார், அது முழுக்க அப்பாவின் பையிலிருந்து போயிருக்கிறது. நன்மதிப்பை ஏன் எழுதவேண்டும் என்ற கேள்விக்கு இந்த 2 இலட்சமே பதில். காசு வராவிட்டாலும் உரிமை கைமாறுகிறது. கைமாறும் உரிமையைப் புத்தகம் காட்டாவிட்டால், ஒருவருடைய சேமிப்பு சத்தமில்லாமல் இன்னொருவருக்குப் போய்விடும். இந்த நிலையிலும் சித்தப்பாவின் தொகை சரியாகவே 1,400,000 இருப்பதைக் கவனியுங்கள். சீராக்கமே செய்யாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை என்றால், சீராக்கத்தில் அவருக்கு ஈடு செய்யவும் ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் விடையைச் சோதியுங்கள். மாமாவின் மூலதனம் 600,000 ஆகிறது, அப்பாவுடையது 1,620,000, சித்தப்பாவுடையது 1,080,000. விற்பனை இலாபத்தைச் சேர்த்தால் மாமாவுக்கு 800,000 வருகிறது, அது சரி. ஆனால் அப்பாவுக்கு 2,020,000, சித்தப்பாவுக்கு 1,480,000. அப்பாவுக்கு 80,000 குறைகிறது, சித்தப்பாவுக்கு அதே 80,000 கூடுகிறது. மாமாவின் பக்கம் சரியாக இருப்பதாலும், ஐந்தொகையும் சமப்படுவதாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பங்காளர்களுக்கிடையே பிழையாகப் பிரித்தாலும் ஐந்தொகை பொருந்தும்.

இனி சேர் செய்த பதிவைப் பாருங்கள். நம் பாடத்திட்டத்தில் சொத்து கூடினால் வரவு, மூலதனம் கூடினால் செலவு. முதல் பதிவில் நன்மதிப்பு பழைய விகிதத்தில் ஏறுகிறது:

```
நன்மதிப்புக் கணக்கு                 வரவு   1,000,000
   அப்பா மூலதனக் கணக்கு            செலவு    600,000
   சித்தப்பா மூலதனக் கணக்கு         செலவு    400,000
```

இரண்டாவது பதிவில் அதே நன்மதிப்பு புதிய விகிதத்தில் இறங்குகிறது:

```
அப்பா மூலதனக் கணக்கு              வரவு     400,000
சித்தப்பா மூலதனக் கணக்கு           வரவு     400,000
மாமா மூலதனக் கணக்கு               வரவு     200,000
   நன்மதிப்புக் கணக்கு               செலவு  1,000,000
```

ஒவ்வொருவருக்கும் தேறியதைப் பாருங்கள். அப்பாவுக்கு 600,000 ஏறி 400,000 இறங்கியது, மீதி 200,000 ஏற்றம். சித்தப்பாவுக்கு 400,000 ஏறி 400,000 இறங்கியது, ஒன்றுமில்லை. மாமாவுக்கு 200,000 இறக்கம். ஆகவே மூலதன மீதிகள் அப்பா 1,700,000, சித்தப்பா 1,000,000, மாமா 600,000. மறுநாள் விற்பனைச் சோதனையில் இவை 2,100,000, 1,400,000, 800,000 என்று பிசகாமல் வந்து நிற்கும். நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இதிலிருந்து உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவரைக் கணக்கு மறக்கவில்லை. கடையைக் கட்டியெழுப்பியதில் அவருக்குள்ள 4 இலட்சம் முதல் பதிவில் அவருக்கு முழுதாக ஏறுகிறது. இனிமேலும் அதே 2/5 பங்கை அவர் வைத்திருப்பதால், அந்த 4 இலட்சம் பெறுமதியான நன்மதிப்பு அவரிடமே தொடர்ந்து இருக்கிறது. இரண்டாவது பதிவில் இறங்குவது அதற்காகத்தான்.

இந்த இரண்டு பதிவுக்கும் பதிலாக ஒரே பதிவும் போதும். மாமாவின் மூலதனக் கணக்கில் வரவு 200,000, அப்பாவின் மூலதனக் கணக்கில் செலவு 200,000. விளைவு ஒன்றே. ஆனால் பரீட்சையில் மூன்று நான்கு பேர் உள்ள கணக்கு வந்தால், ஏற்றி இறக்கும் முறைதான் பிழைக்கு இடமில்லாதது. தியாகத்தை நீங்கள் தனியாகக் கணிக்க வேண்டியதில்லை, இரண்டு பதிவுகளும் அதைத் தாமாகவே கணித்துத் தந்துவிடும்.

ஏற்றியதை ஏன் இறக்கவேண்டும், சொத்தாகவே விட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். முதல் பதிவோடு நிறுத்தினாலும் பங்காளர்களுக்கிடையே நியாயம் கெடாது. ஆனால் அப்போது உங்கள் கடையின் நிதிநிலைமைக் கூற்றில் 10 இலட்சம் ரூபாய் சொத்து ஒன்று நிற்கும். அதை யாரும் விலைகொடுத்து வாங்கவில்லை. மூன்று உறவினர் ஒரு மேசையில் இருந்து ஒப்புக்கொண்ட தொகை அது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38, நிறுவனம் தானே உள்ளே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பைச் சொத்தாக இனங்காணக்கூடாது என்று சொல்கிறது. அதன் கிரயத்தை நம்பகமாக அளக்க முடியாது என்பது காரணம். அந்தக் கூற்றை வங்கிக்குக் கொண்டுபோய்க் கடன் கேட்டால், இல்லாத சொத்தைக் காட்டியதாகிவிடும். ஆகவே உரிமையைச் சீராக்கும் வேலை முடிந்ததும் நன்மதிப்புக் கணக்கு மூடப்படுகிறது.

அடுத்ததாக உங்கள் மாமா கேட்கப்போகும் கேள்விக்கு நீங்கள் தயாராக இருங்கள். “நான் 8 இலட்சம் தந்தேன், புத்தகத்தில் 6 இலட்சம்தான் இருக்கிறதே” என்பார். கேட்பது நியாயம். 8 இலட்சம் என்பது மூலதனத்துக்கும் நன்மதிப்புக்கும் சேர்த்தா, அல்லது மூலதனத்துக்கு மட்டுமா என்பதை மூவரும் இப்போதே பேசித் தீர்க்கவேண்டும். அவருடைய மூலதனம் 8 இலட்சமாகவே நிற்கவேண்டுமானால், 10 இலட்சம் கொண்டுவரவேண்டும். வங்கியில் 10 இலட்சம் வரவு, மாமா மூலதனத்தில் 10 இலட்சம் செலவு. பிறகு மேலே சொன்ன சீராக்கத்தில் 2 இலட்சம் அப்பாவுக்கு மாறும். அப்பா விரும்பினால் அந்த 2 இலட்சத்தைக் கடையிலிருந்து காசாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது மூலதனமாகவே விட்டுவைக்கலாம். விட்டுவைத்தால் உடன்படிக்கையில் மூலதன வட்டி இருக்குமானால் அதற்கும் வட்டி வரும். 10 வீதம் என்று வையுங்கள், வருடத்துக்கு 20,000. நன்மதிப்பில் ஒரு தடவை விடும் பிழை மூலதன வட்டி வழியாக வருடாவருடம் தொடர்வது இப்படித்தான்.

இன்னொரு வழி, மாமா கடைக்கு 8 இலட்சம் தந்து, அப்பாவின் கையில் தனியாக 2 இலட்சம் கொடுப்பது. அந்த 2 இலட்சம் கடைக்கு வரவுமில்லை, கடையிலிருந்து போகவுமில்லை. ஆகவே கடையின் புத்தகத்தில் அதற்குப் பதிவே கிடையாது, நன்மதிப்புச் சீராக்கமும் செய்யக்கூடாது. வினாவில் “தனிப்பட்ட முறையில் செலுத்தினார்” என்ற சொற்கள் வந்தால் உங்கள் பேனா அங்கே நிற்கவேண்டும். அதையும் கவனிக்காமல் சீராக்கம் போட்டால், மாமாவிடம் ஒரே நன்மதிப்புக்கு இரண்டு தடவை விலை வாங்கியதாகிவிடும்.

பழைய பங்காளர் என்றால் ஏதாவது கிடைத்தே தீரும், கிடைக்காவிட்டாலும் போகாது என்று நினைக்கவும் கூடாது. புதிய விகிதம் 3:5:2 என்று வைத்துப் பாருங்கள். அப்பா 6/10 இலிருந்து 3/10 க்கு இறங்குகிறார். சித்தப்பா 4/10 இலிருந்து 5/10 க்கு ஏறுகிறார். அங்கே சித்தப்பாவும் மாமாவைப் போலவே பங்கு வாங்குகிறார். 10 இலட்சத்தை ஏற்றி இறக்கினால் அப்பாவுக்கு 300,000 ஏற்றம், சித்தப்பாவுக்கு 100,000 இறக்கம், மாமாவுக்கு 200,000 இறக்கம். ஏற்றமும் இறக்கமும் எப்போதும் சமமாக இருக்கவேண்டும். சமமாக இல்லாவிட்டால் பின்னங்களைக் கூட்டி ஒன்று வருகிறதா என்று திரும்பப் பாருங்கள், பிழை அங்கேதான் இருக்கும்.

சித்தப்பாவுக்கு உண்மையிலேயே காசு வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. இருவரும் சம அளவில் விட்டுக்கொடுக்கலாம். மாமாவின் 2/10 க்காக இருவரும் 1/10 வீதம் விட்டால், அப்பா 5/10, சித்தப்பா 3/10, மாமா 2/10 என்று வரும். அப்போது இருவருக்கும் 100,000 வீதம் கிடைக்கும். ஆனால் அதன்பின் வருடா வருடம் 10 ரூபாய் இலாபத்தில் சித்தப்பாவுக்கு 4 ரூபாய் வந்த இடத்தில் 3 ரூபாய்தான் வரும். இப்போது பேசியிருக்கும் 2:2:1 இல் அவருடைய 4 ரூபாய் அப்படியே இருக்கிறது. இதை நிதானமாகச் சொன்னால் அவருடைய முகம் தெளியும் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் இதற்கு அடுத்த பாடமாகச் சொத்துக்களின் மீள்மதிப்பீடு வரும்போது இன்னொரு குழப்பம் உங்களுக்கு வரும், அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கடைக் கட்டடத்தின் பெறுமதி 5 இலட்சம் கூடியிருக்கிறது, பழைய வலைகள் விலைபோகாமல் 1 இலட்சம் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். தேறிய இலாபம் 4 இலட்சம். இது மாமா வருமுன் உண்டானது, ஆகவே பழைய விகிதத்தில் அப்பாவுக்கு 240,000, சித்தப்பாவுக்கு 160,000. இங்கே சித்தப்பாவுக்குக் காசு வருகிறதே, நன்மதிப்பில் ஏன் வரவில்லை? காரணம், கட்டடம் புதிய பெறுமதியிலேயே புத்தகத்தில் தொடர்கிறது, இறக்கும் பதிவு இல்லை. முதல் பதிவோடு கணக்கு நின்றுவிடுகிறது. பங்காளர்கள் “சொத்துக்களைப் பழைய பெறுமதியிலேயே வைத்திருப்போம்” என்று தீர்மானித்தால், அந்த 4 இலட்சத்தையும் புதிய விகிதத்தில் இறக்கவேண்டும். அப்பாவுக்கு 160,000, சித்தப்பாவுக்கு 160,000, மாமாவுக்கு 80,000. சித்தப்பாவுக்கு மீண்டும் பூச்சியம், அப்பாவுக்கு 80,000 ஏற்றம், அதை மாமா கொடுக்கிறார். நன்மதிப்பும் மீள்மதிப்பீடும் இரண்டு விதிகள் அல்ல. இரண்டிலும் பழையது பழைய விகிதத்தில் ஏறும், புத்தகத்தில் நிற்காதது புதிய விகிதத்தில் இறங்கும்.

10 இலட்சம் என்ற தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சையில் அதைத் தந்துவிடுவார்கள், அல்லது இத்தனை வருடச் சராசரி இலாபத்தின் இத்தனை மடங்கு என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் அப்படி இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் காலை முதல் இரவுவரை கடையில் நிற்கிறார்கள் என்றால், புத்தகத்தில் தெரியும் இலாபத்தில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பின் கூலி. உதாரணத்துக்குச் சராசரி இலாபம் 20 இலட்சம் என்று வையுங்கள். அதே வேலைக்கு ஆள் வைத்தால் ஒருவருக்கு மாதம் 60,000 கொடுக்கவேண்டுமானால், இருவருக்கும் வருடத்துக்கு 1,440,000. 25 இலட்சம் மூலதனத்தை வேறெங்காவது போட்டிருந்தால் 10 வீதம் வந்திருக்கும் என்றால் 250,000. இரண்டையும் கழித்தால் மீதி 310,000. கடையின் பெயருக்கும் பழகிய வாடிக்கையாளருக்கும் உரிய மிகை இலாபம் இதுதான். மூன்று வருடத்துக்குக் கணித்தால் 930,000. உங்கள் வீட்டார் சொன்ன 10 இலட்சம் இப்படி ஒரு கணக்கில் வந்திருந்தால் மாமா தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். வெறும் சராசரி இலாபத்தைப் பெருக்கி வந்ததென்றால், அப்பாவின் உழைப்புக்கே மாமா விலை கொடுக்கிறார் என்று பொருள். சராசரி எடுக்கும் வருடங்களையும் பாருங்கள். 2022 இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த காலத்து இலாபத்தை வழமையான வருடமாக எடுத்தால் கடையின் பெறுமதி பிழையாகக் குறையும்.

ஏப்ரல் 1 என்று தேதி வைத்தது நல்லது. கணக்காண்டு மார்ச் 31 இல் முடிவதால் பழைய இலாபமும் புதிய இலாபமும் கலக்காது. நடு ஆண்டில் ஒருவர் சேர்ந்தால், அந்த வருட இலாபத்தை மாதக் கணக்கில் பிரித்து, சேருமுன் வந்ததைப் பழைய விகிதத்திலும் பின் வந்ததைப் புதிய விகிதத்திலும் பகிரச் சொல்வார்கள். பரீட்சைக்கு அது சரி. ஆனால் நம் பக்கத்துக் கடலில் கார்த்திகை, மார்கழி வாடைக் காலத்தில் அலை பெரிது, படகு இறங்குவது குறைவு. ஏப்ரலுக்குப் பிறகுதான் மேற்குக் கரையிலிருந்தும் மீனவர் இங்கே வந்து தொழில் செய்கிறார்கள். வலைக் கடையின் இலாபம் எல்லா மாதமும் சமமாக வராது. அப்படிச் சேர நேர்ந்தால், சேரும் நாளில் இருப்பெடுத்து அன்றுவரை கணக்கை முடிப்பதுதான் நேர்மையான வழி.

கடைசியாக, இவை எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் இதுவரை 3:2 என்று வாய்ப்பேச்சில் நடத்தியிருந்தால் அது நல்ல மனதினால் ஓடிய கணக்கு, சட்டத்தினால் அல்ல. இலங்கையில் பங்குடைமைக்கு 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டமே பொருந்துகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமமாகப் பிரியும், மூலதனத்துக்கு வட்டியில்லை, பங்காளருக்குச் சம்பளமில்லை என்று அதன் 24 ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாப் பழைய பங்காளரும் சம்மதிக்காமல் புதியவரைச் சேர்க்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சித்தப்பாவின் சம்மதம் வெறும் மரியாதைக்காகக் கேட்பதல்ல, சட்டமும் அதைக் கேட்கிறது. மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வியாபாரப் பெயர்ப் பதிவிலும் மாமாவின் பெயரைச் சேர்க்கவேண்டும்.

உடன்படிக்கையில் 2:2:1 என்ற விகிதத்தோடு நின்றுவிடாமல், நன்மதிப்பு 10 இலட்சம் என்பதையும், அதில் 2 இலட்சம் மாமாவிடமிருந்து அப்பாவுக்குச் சேர்வதையும், அது மூலதனக் கணக்கு வழியாகவா, தனியாகக் கையிலா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ஒருவர் விலகும்போதும் நன்மதிப்பை இதே விதமாக மதிப்பிடுவோம் என்று ஒரு வாசகமும் வேண்டும். விலகும்போது அப்பாவோ சித்தப்பாவோ வாங்கும் பக்கத்தில் இருக்கக்கூடும், இன்று ஒப்புக்கொள்ளும் மதிப்பீட்டு முறையே அன்றும் அவர்களைக் கட்டுப்படுத்தும். மாமா 8 இலட்சம் தருகிறாரா, 10 இலட்சம் தருகிறாரா என்று முடிவானதும் நான் சொன்ன பதிவுகளைப் போட்டு, மறுநாள் விற்பனைச் சோதனையையும் செய்து, அந்தத் தாளை மூவர் முன்னாலும் வையுங்கள். தனியாகக் கையில் கொடுப்பதென்று முடிவானால் நன்மதிப்புப் பதிவே போடாமல் சோதியுங்கள், அங்கே அப்பா கையில் வாங்கிய 2 இலட்சத்தையும், மாமா கொடுத்த 2 இலட்சத்தையும் கணக்கில் எடுத்தால் அதே தொகைகள் வந்துவிடும்.